அத்தியாயம் 7: கையில் வாங்குபவர் நாமினி, உரிமை வாரிசுக்கு

திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த குமார் என்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பெயர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளக் கணக்கு தொடங்கும்போது, நாமினி என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினார். அப்போது அவருக்குத் திருமணமாகவில்லை. பிறகு திருமணம் நடந்தது, மகள் பிறந்தாள். அதே வங்கியில் வைப்புத்தொகை போட்டபோதும் பழைய நாமினியின் பெயரே தொடர்ந்தது. 38 வயதில் குமார் திடீரென இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. சேமிப்புக் கணக்கில் 3 லட்சம், வைப்பில் 9 லட்சம், ஆக 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. வீட்டில் மனைவி, 8 வயது மகள், அம்மா, அப்பா.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அப்பா வங்கிக்குப் போகிறார். "நாமினி நான்தானே, பணம் எனக்குத்தான்" என்கிறார். மனைவியும் போகிறார். "சார், நான்தான் மனைவி, குழந்தை இருக்கிறாள்" என்கிறார். "நாமினிக்குத்தான் கொடுக்க முடியும்மா" என்று வங்கி சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலைக் கேட்டதும் பணம் மாமனாருக்கே போய்விட்டது என்று மனைவி நினைத்துக்கொள்கிறார், அப்பாவும் அப்படியே நினைக்கிறார். வங்கி சொன்னது சரி, இவர்கள் இருவரும் நினைத்ததுதான் தவறு. குமார் இந்து என்றால், இந்த 12 லட்சத்தில் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

நாமினியின் வேலை என்ன

வங்கி வைப்புக்கு நாமினி வைக்கும் வசதி வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45 இசட்.ஏ. பிரிவில் வருகிறது. கணக்குக்காரர் இறந்த பிறகு வங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. வாரிசுகள் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று விசாரித்துக்கொண்டிருக்க வங்கியால் முடியாது. அதனால் ஒருவரைக் காட்டச் சொல்கிறார்கள். அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் கணக்கு தீர்ந்தது.

பணம் யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நாமினிக்கு வைப்பைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் அவர் அதற்கு உரிமையாளர் ஆவதில்லை. அந்தப் பணம் இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் பகுதி, வாரிசுச் சட்டப்படியே அது போய்ச் சேர வேண்டும். ரிசர்வ் வங்கியும் இதையே சொல்லிவருகிறது. வாரிசுகளின் அறங்காவலர் என்ற நிலையில்தான் பணத்தைப் பெறுகிறார் என்பதை நாமினிக்கு வங்கி தெளிவுபடுத்த வேண்டும். ஒரு வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஒருவரிடம் கொடுத்தால் வீடு அவருடையது ஆகிவிடுமா? நாமினியின் நிலையும் அதுதான்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர் வரை நாமினியாக வைக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். இங்கேயும் அதே குழப்பம் வரும். "மனைவிக்கு 50, அம்மாவுக்கு 50" என்று எழுதினால், வங்கி அந்தக் கணக்குப்படி கொடுக்கும். அது வாரிசுப் பங்கை மாற்றாது. மகளுக்கு உரியது மகளுக்கு உரியதாகவே இருக்கும். பங்கை மாற்ற வேண்டுமானால் உயில்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் யாருடைய பணம்

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன், மகள், அம்மா ஆகியோர் இந்த வகுப்பில் வருவார்கள். ஏற்கெனவே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகளும் இதில் உண்டு. அப்பா இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்கு எதுவும் வராது.

குமாரின் விஷயத்தில் மனைவி, மகள், அம்மா என முதல் வகுப்பில் மூவர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது தலைக்கு 4 லட்சம். அப்பா நாமினியாக 12 லட்சத்தையும் வாங்கினாலும், அந்த மூவருக்காகத்தான் வாங்குகிறார்.

மதம் வேறானால் கணக்கும் மாறும். குமார் கிறிஸ்தவராக இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் போகும், பெற்றோருக்கு எதுவும் இல்லை. முஸ்லிமாக இருந்தால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் எல்லோருக்குமே பங்கு உண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி "நாமினி யார்" என்பதல்ல, "எந்தச் சட்டம்" என்பதுதான்.

நாமினி இருந்தால், வீட்டில் சம்மதமும் இருந்தால்

இது எளிய வழி. அப்பாவே வங்கியில் கோரிக்கைப் படிவம் கொடுக்கட்டும். படிவத்தோடு இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் போதும். தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாமினியிடம் வாரிசுச் சான்றிதழோ, நீதிமன்ற ஆவணமோ, ஜாமீன்தாரரோ கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாத் தாள்களும் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி முடித்துக் கொடுக்க வேண்டும். வைப்பை முதிர்வுக்கு முன் எடுத்தாலும், கணக்குக்காரர் இறந்ததால் எடுப்பதற்கு அபராதம் பிடிக்கக் கூடாது.

பணம் அப்பாவின் கணக்குக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அதை அவர் ரொக்கமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டாம். மனைவியின் கணக்குக்கு 4 லட்சம், அம்மாவின் கணக்குக்கு 4 லட்சம், மகளின் பெயரில் தொடங்கும் கணக்குக்கு 4 லட்சம் என வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். "குமாரின் வைப்பில் வாரிசுப் பங்காகப் பெற்றுக்கொண்டேன்" என்று பெற்றவர்களிடம் ஒரு ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. மைனர் மகளுக்காக அவள் அம்மா கையெழுத்திடலாம். பல வருடங்கள் கழித்து யாராவது கேட்டால் அப்பாவைக் காப்பாற்றப்போவது இந்த ரசீதுதான்.

மகளின் பங்கில் ஒரு எச்சரிக்கை. "குழந்தைக்கு இப்போது எதற்கு, எல்லாம் நாம்தானே பார்த்துக்கொள்கிறோம்" என்று அவள் 4 லட்சத்தை வேறு யாருடைய கணக்கிலும் கலந்துவிடாதீர்கள். அது அவளுடைய பணம். அவள் பெயரில் வைப்பாகப் போட்டு, அம்மா காப்பாளராக இருந்து பார்த்துக்கொள்வதே முறை.

நாமினி இருந்தும் சம்மதம் இல்லையென்றால்

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். மனைவி வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: "மாமாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள், எங்களுக்கும் பங்கு இருக்கிறது." பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்கிறார். அந்தக் கடிதத்தால் வங்கிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வைப்பைக் குறித்து வேறொருவர் உரிமை கோரி அனுப்பும் அறிவிப்பை வங்கி ஏற்க வேண்டியதில்லை என்று 45 இசட்.பி. பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினாலும் அதே கதைதான். வங்கியைக் கட்டுப்படுத்துவது நீதிமன்ற உத்தரவு மட்டுமே.

ஆகவே மனைவி செய்ய வேண்டியது இதுதான். தன் பெயரிலும், மகளுக்குக் காப்பாளராகவும், உரிமையியல் நீதிமன்றத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட வேண்டும். மாமனாரையும் மாமியாரையும் வங்கியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். வழக்கோடு, "தீர்ப்பு வரும் வரை இந்தக் கணக்குகளிலிருந்து நாமினிக்குப் பணம் கொடுக்கக் கூடாது" என்று இடைக்காலத் தடை கேட்டு மனுவும் போட வேண்டும். தடையாணை கிடைத்த அன்றே அதன் நகலை வங்கிக் கிளையில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். நாமினிக்கு 15 நாட்களுக்குள் பணம் போய்விடலாம் என்பதால், இதில் வேகம் முக்கியம்.

தாமதமாகி மாமனார் பணத்தை வாங்கிவிட்டால்? வங்கி மீது வழக்குப் போட்டுப் பயனில்லை, அது சட்டப்படிதான் கொடுத்திருக்கிறது. ஆனால் உரிமை அழிந்துவிடவில்லை. வாங்கியவரிடமிருந்து பங்கைக் கேட்டு வழக்குப் போடலாம். அதில் உள்ள சிக்கல், அவர் கையில் பணம் மிச்சமிருக்குமா என்பதுதான். கடனை அடைத்தோ வீட்டைக் கட்டியோ செலவழித்துவிட்டால், தீர்ப்பு கிடைத்தாலும் பணத்தை வசூலிப்பது கடினம்.

நாமினியே இல்லையென்றால்

அப்பாவின் பெயர்கூடக் கணக்கில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வங்கி நேரடியாக வாரிசுகளைத்தான் தேடும். இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் ஒரே மாதிரியாக்கியது, 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது. வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறை. கூட்டுறவு வங்கியானால் 5 லட்சம் வரை. குமாரின் 12 லட்சம் வணிக வங்கியில் இருந்தால் எளிய நடைமுறைக்குள் வரும். அதே தொகை கூட்டுறவு வங்கியில் இருந்தால் வராது.

எளிய நடைமுறையில் கொடுக்க வேண்டியவை:

1. எல்லா வாரிசுகளின் விவரங்களும் உள்ள கோரிக்கைப் படிவம்.
2. இறப்புச் சான்றிதழ், கோருபவரின் அடையாள ஆவணம்.
3. வாரிசுச் சான்றிதழ். அது இல்லையென்றால், குடும்பத்தை நன்கு அறிந்த, வங்கி ஏற்றுக்கொள்ளும் வெளியாள் ஒருவர் தரும் வாரிசு உறுதிமொழி.
4. கோருபவர் எழுதித் தரும் ஈட்டுறுதிப் பத்திரம். வேறொரு வாரிசு பின்னால் வந்து கேட்டால், வங்கிக்கு ஏற்படும் இழப்பைத் தாம் ஏற்பதாக உறுதி தரும் பத்திரம் அது.
5. பணத்தை நேரில் வாங்க வராத வாரிசுகள் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம்.

இந்த வரம்புக்குள் ஜாமீன்தாரரை வங்கி கேட்கக் கூடாது. 12 லட்சத்தை மனைவியின் கணக்கில் வாங்கிப் பிரித்துக்கொள்ள குமாரின் அம்மா ஒப்புக்கொண்டால், ஆட்சேபணையின்மைக் கடிதம் தர வேண்டும். கையெழுத்திடும் முன் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். "மருமகள் வாங்கிக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பது ஒன்று, "என் பங்கை மருமகளுக்கு விட்டுக்கொடுக்கிறேன்" என்பது இன்னொன்று. பல கடிதங்களில் இரண்டும் ஒரே பத்தியில் அச்சாகியிருக்கும். அம்மா தன் 4 லட்சத்தை விரும்பினால், விட்டுக்கொடுக்கும் வரி இல்லாமல் எழுதித் தரட்டும், அல்லது மூவரும் சேர்ந்தே கோரட்டும்.

வரம்பைத் தாண்டினால் இரண்டு வழிகள் இருக்கின்றன. நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்றிதழைக் கொண்டுவரலாம். அல்லது, குடும்பத்தில் சச்சரவு இல்லாதபோது, வாரிசுச் சான்றிதழோடும் ஈட்டுறுதிப் பத்திரத்தோடும் ஜாமீன்தாரரையும் காட்டலாம். தொகை எவ்வளவாக இருந்தாலும், வாரிசுகளுக்குள் தகராறு என்றால் வங்கி நீதிமன்ற ஆவணம் கேட்கும்.

பெயர் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு தாள்கள்

வாரிசுச் சான்றிதழ், வாரிசுரிமைச் சான்றிதழ் ஆகிய இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் நிறைய.

வாரிசுச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தருவது. இ-சேவை மையத்தில் அல்லது இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தருவார்கள். இறந்தவருக்கு உறவினர்கள் யார் யார் என்பதை அது சொல்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அது முடிவு செய்வதில்லை. அதில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே அவருக்குப் பங்கு உண்டு என்றும் ஆகாது.

வாரிசுரிமைச் சான்றிதழ் நீதிமன்றம் தருவது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் கீழ், இறந்தவர் வழக்கமாக வசித்த பகுதிக்கு உட்பட்ட மாவட்ட நீதிமன்றத்தில், அல்லது அதற்கு அதிகாரம் பெற்ற கீழமை நீதிமன்றத்தில், மனுப்போட வேண்டும். மற்ற வாரிசுகள் எதிர்த்தரப்பாக இருப்பார்கள், அவர்களுக்கு அறிவிப்பு போகும். வழக்கமாக நாளிதழிலும் அறிவிப்பு வெளியிடுவார்கள். யாரும் எதிர்க்காவிட்டால் சில மாதங்களில் முடியும், எதிர்த்தால் வருடக்கணக்கில் நீளும். தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் உண்டு. இந்தச் சான்றிதழைக் காட்டுபவரிடம் பணம் கொடுத்தால் வங்கிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கும்.

மனுவில் ஒரு அட்டவணை இருக்கும். வங்கி, கிளை, கணக்கு எண், வைப்பு ரசீது எண், தொகை எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். அதில் இல்லாத கணக்குக்குச் சான்றிதழ் செல்லாது. ஒரு வைப்பு விட்டுப்போனால் சான்றிதழை விரிவாக்கக் கேட்டு மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே மனுப்போடுவதற்கு முன்பே வீட்டுப் பீரோவில் உள்ள எல்லா ரசீதுகளையும் தேடி எடுத்துவிடுங்கள். நெடுநாளாக இயங்காத கணக்கு இருக்கலாம் என்று சந்தேகமிருந்தால், ரிசர்வ் வங்கியின் udgam.rbi.org.in தளத்தில் இறந்தவர் பெயரைக் கொடுத்துத் தேடலாம். பத்தாண்டுகளாகக் கோரப்படாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விட்டாலும், அந்தந்த வங்கி வழியாக வாரிசுகள் அதைக் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்கியவரும் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. குமாரின் மனைவி பெயரில் அது வந்தாலும், மகளுக்கும் மாமியாருக்கும் உரிய 8 லட்சத்தை அவர்தான் கொடுக்க வேண்டும். நாமினிக்குச் சொன்னதே இவருக்கும் பொருந்தும்.

வழியில் நடக்கும் தவறுகள்

இறப்புக்குப் பிறகு ஏ.டி.எம். அட்டையிலோ கைபேசிச் செயலியிலோ பணம் எடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. "பின் நம்பர் எனக்குத் தெரியும், சாவுச் செலவுக்குத்தானே" என்பார்கள். எடுத்தவர் நல்ல எண்ணத்தோடு எடுத்திருந்தாலும், மற்ற வாரிசுகள் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உடனே வங்கிக்கு இறப்பை எழுத்தில் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பு.

கூட்டுக் கணக்கிலும் இதே குழப்பம் உண்டு. "யாராவது ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்ற நிபந்தனை உள்ள கணக்கில், உயிரோடு இருப்பவருக்கு வங்கி பணம் கொடுத்துவிடும். அதுவும் வங்கிக்கும் கணக்குக்காரர்களுக்கும் இடையே உள்ள ஏற்பாடுதான். இறந்தவர் போட்ட பணம் அவருடைய வாரிசுகளுக்கு உரியதா என்ற கேள்வி அங்கேயும் எழலாம்.

எல்லாத் தாள்களும் கொடுத்து 15 நாட்கள் கழிந்தும் பணம் வராவிட்டால், தாமதமான நாட்களுக்கு வங்கி இழப்பீட்டு வட்டி தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தோடு குறைந்தது ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்த்து அதைக் கணக்கிட வேண்டும். முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம், கட்டணம் கிடையாது. வாரிசுகளுக்குள் யாருக்குப் பங்கு என்பதைக் குறைதீர்ப்பாளர் முடிவு செய்ய மாட்டார். அது நீதிமன்றத்தின் வேலை.

குமார் திருமணத்துக்குப் பிறகு ஒருமுறை வங்கிக்குப் போய் நாமினியை மாற்றியிருந்தால், பணம் மனைவியின் கைக்கு வந்திருக்கும், மாமனாரோடு மோதல் வந்திருக்காது. யாருக்கு எவ்வளவு என்று உயிலும் எழுதியிருந்தால், பங்குக்கும் சண்டை வந்திருக்காது. உங்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் ஒவ்வொரு வைப்பு ரசீதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். நாமினி பதிவாகியிருக்கிறதா, அது யார் பெயர் என்று பாருங்கள். அந்தப் பெயர் பத்து வருடங்களுக்கு முன் எழுதியதாக இருந்தால், அடுத்த வேலைநாளில் வங்கிக்குப் போய்ப் புதிய படிவம் கொடுத்துவிட்டு வாருங்கள்.